கூட்டுரிமை வீட்டின் வாடகையும் கடன் வட்டியும்: உறுதியில் உள்ள பங்கு எதைத் தீர்மானிக்கிறது?

கேள்வி: ஐயா, அக்காவும் நானும் கொக்குவிலில் ஒரு வீடு வாங்கி வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். உறுதியில் எனக்கு 3/5 பங்கு, அக்காவுக்கு 2/5 பங்கு. வங்கிக் கடன் என் பெயரில் மட்டும் இருக்கிறது, வாடகையும் என் கணக்குக்குத்தான் வருகிறது. கடன் கட்டியது போக மிஞ்சுவதில் 2/5 கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கிறேன். முழு வாடகையிலும் 2/5 தரவேண்டும் என்று அத்தான் சொல்கிறார். எது சரி? வருமான வரிக்கு எப்படிக் காட்டுவது?

பதில்:

உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்பதை உறுதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விபரத்தில்தான் விடை இருக்கிறது: அந்த வங்கிக் கடன் வீடு முழுவதையும் வாங்குவதற்காக எடுக்கப்பட்டதா, அல்லது உங்கள் 3/5 பங்கை வாங்குவதற்காக மட்டும் எடுக்கப்பட்டதா? முதலாவது என்றால், அக்கா தனியாகக் கொடுத்த செலவையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் கணக்குச் சரி. இரண்டாவது என்றால், பொதுச் செலவைக் கழித்துக்கொண்டால், அத்தான் சொல்வதே சரி.

வாடகையில் எந்தச் சிக்கலும் இல்லை. பிரிபடாத பங்குகளாக இருவர் வைத்திருக்கும் ஆதனத்தின் வருமானம் அவரவர் பங்கின்படியே அவரவருக்கு உரியது என்பது இலங்கையில் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் கையொப்பம் மட்டும் இருந்தாலும், பணம் உங்கள் கணக்கில் மட்டும் விழுந்தாலும், அதில் 2/5 அக்காவுடையது. அவருக்காக அதை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு மேல் உங்களுக்கு அந்தப் பகுதியில் உரிமை கிடையாது. ஆதன வரி, கூரை திருத்துவது போன்ற அவசியமான செலவுகளும் அதே வீதத்தில் இருவரையும் சேரும். உறுதியில் பங்கு குறிப்பிடப்படாமல் இரண்டு பெயர்கள் மட்டும் இருந்திருந்தால் பங்குகள் சமம் என்றே கொள்ளப்பட்டிருக்கும்; உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

வட்டி அப்படிப்பட்டதல்ல. அது வீட்டிலிருந்து பிறக்கும் செலவு அல்ல, கடனிலிருந்து பிறக்கும் செலவு. ஆகவே அது வீட்டின் பங்கைப் பின்பற்றுவதற்கு முன்னர், கடன் பணம் எங்கே போனது என்பதைப் பின்பற்றுகிறது. வீட்டை ஈடு வைத்து எடுத்த கடன் என்பதாலேயே அதன் வட்டி வீட்டுச் செலவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈடு என்பது வங்கிக்கான பாதுகாப்பு மட்டும். அந்த வீட்டை ஈடு வைத்து மகளின் கலியாணத்துக்குக் கடன் எடுத்திருந்தால், அதன் வட்டியில் ஒரு சதமும் அக்காவைச் சேராது. வரிக் கணக்கிலும் வாடகைக்கு எதிராக அதைக் கழிக்க முடியாது. பகுதி வீட்டுக்கும் பகுதி வேறு தேவைக்குமாக எடுத்திருந்தால், வட்டியையும் அதே விகிதத்தில் முதலில் பிரித்து, வீட்டைச் சேர்ந்த பகுதியை மட்டுமே கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

இனி உங்கள் வழக்கை எண்களோடு பார்ப்போம். நீங்கள் தொகைகளைத் தராதபடியால் நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். உங்களுடையவற்றை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டின் விலை 2 கோடி ரூபா, அதில் வங்கிக் கடன் 40 இலட்சம், வட்டி ஆண்டுக்கு 12 வீதம், மாதத் தவணை 52,500 ரூபா. முதல் ஆண்டில் கட்டும் 630,000 ரூபாவில் ஏறத்தாழ 471,000 வட்டியாகவும் 159,000 முதலாகவும் போகும். வாடகை மாதம் 90,000 ரூபா, ஆண்டுக்கு 1,080,000. ஆதன வரிக்கும் சில்லறைச் செலவுக்குமாக நீங்கள் 18,000 கட்டினீர்கள். பழுதான தண்ணீர்ப் பம்பை மாற்ற அக்கா தன் கையிலிருந்து 42,000 கொடுத்தார். ஆண்டு முடிவில் உங்கள் கணக்கில், தவணையும் 18,000 ரூபாவும் போக, வாடகைப் பணத்தில் 432,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

இந்த 2 கோடி எப்படித் திரண்டது என்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில், கைப்பணமான 160 இலட்சத்தில் நீங்கள் 96 இலட்சமும் அக்கா 64 இலட்சமும் போட்டீர்கள். கடன் 40 இலட்சமும் இருவருக்கும் பொதுவாக எடுக்கப்பட்டு, உத்தியோகம் உங்களுக்கு இருந்ததால் உங்கள் பெயரில் மட்டும் பதியப்பட்டது. அந்தக் கடனில் உங்களது 24 இலட்சம், அக்காவினது 16 இலட்சம். கூட்டினால் உங்களுக்கு 120 இலட்சமும் அவருக்கு 80 இலட்சமும் வருகின்றன, அதாவது 3/5 உம் 2/5 உம். மற்ற வழியில், அக்கா தனது ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் 80 இலட்சத்தையும் கைக்காசாகவே கொடுத்துவிட்டார். நீங்கள் 80 இலட்சம் கைப்பணமும் 40 இலட்சம் கடனுமாகப் போட்டீர்கள். இங்கேயும் 120 உம் 80 உம்தான், உறுதியில் அதே 3/5 உம் 2/5 உம்தான். உறுதியை மட்டும் வாசிப்பவருக்கு இரண்டு வழிகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அக்காவின் கைக்குப் போகவேண்டிய தொகை இரண்டிலும் மிகவும் வேறானது.

முதல் வழியில், வாடகை 1,080,000 இலிருந்து வட்டி 471,000, ஆதன வரி முதலியன 18,000, பம்பு 42,000 ஆகியவற்றைக் கழித்தால் 549,000 ரூபா நிகர வருமானம். அதில் உங்கள் பங்கு 329,400, அக்காவின் பங்கு 219,600. இதற்குப் பிறகுதான் கடனின் முதலாகத் திருப்பிய 159,000 கணக்குக்குள் வரவேண்டும். அது செலவு அல்ல, இருவரும் சேர்ந்து கடனைக் குறைத்துக்கொண்ட தொகை, அக்காவின் பகுதி 63,600. 219,600 இலிருந்து 63,600 ஐக் கழித்து, அவர் பம்புக்குக் கொடுத்த 42,000 ஐத் திருப்பிச் சேர்த்தால், நீங்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியது 198,000 ரூபா. உங்களிடம் மிஞ்சுவது 234,000. நீங்கள் சொன்னதுபோல் மிஞ்சிய 432,000 இல் 2/5 என்று 172,800 ஐ மட்டும் கொடுத்திருந்தால், பம்புச் செலவில் உங்கள் பங்கான 25,200 ரூபா அவர் தலையில் விழுந்திருக்கும். கையில் நிற்கும் மிச்சத்தைப் பிரிக்கும் வழக்கத்தில் இப்படித்தான் ஒருவர் தனியாகக் கொடுத்த செலவு கணக்கிலிருந்து நழுவிப்போகிறது.

இரண்டாவது வழியில் கடன் முழுவதும் உங்களுடையது. பொதுக் கணக்கில் வட்டிக்கு இடமே இல்லை. வாடகை 1,080,000 இலிருந்து பொதுச் செலவான 60,000 ஐ மட்டும் கழித்தால் 1,020,000. அதில் அக்காவின் 2/5 பங்கு 408,000, பம்புக்காக 42,000, ஆக 450,000 ரூபா. உங்கள் பங்கு 612,000, தவணை 630,000. ஆகவே மிஞ்சிய 432,000 முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டு, மேலும் 18,000 ரூபாவை உங்கள் சம்பளத்திலிருந்து போடவேண்டியிருக்கும். முதல் பார்வைக்கு இது உங்களுக்கு அநியாயமாகப்படலாம். ஆனால் அக்கா தன் 80 இலட்சத்தையும் வட்டியில்லாமல் ஒரே நாளில் இறக்கியவர். நீங்கள் 40 இலட்சத்தை வங்கியின் பணத்தால் இறக்கியவர். வங்கியின் பணத்துக்கான விலையை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். ஒரே வீடு, ஒரே உறுதி, ஒரே வாடகை என்றாலும் ஆண்டுக்கு 252,000 ரூபா வித்தியாசம் வருவது இந்த ஒரு விடயத்தால்தான்.

எந்த வழி உங்களுடையது என்பதை ஞாபகத்திலிருந்து முடிவு செய்யவேண்டாம். வீடு வாங்கிய ஆண்டின் வங்கிக் கூற்றுகளையும், விற்றவருக்குப் பணம் எந்தெந்தக் கணக்கிலிருந்து போனது என்பதையும், உறுதியில் கொள்விலை கொடுக்கப்பட்ட விதம் எழுதப்பட்டிருக்கும் பகுதியையும், கடன் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துவைத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். அக்கா ஈட்டு முறியில் கையொப்பம் வைத்திருக்கிறார் என்பது இதற்குச் சான்றாகாது. முழு வீடும் ஈடாகவேண்டுமானால் அவரது 2/5 பங்குக்கு அவர்தான் கையொப்பமிடவேண்டும். நீங்கள் தனியாக ஈடு வைக்கக்கூடியது உங்கள் பங்கை மட்டுமே. உண்மையில் இரண்டாவது வழிதான் உங்களுடையது என்றால், அவர் வாங்காத கடனுக்காகத் தன் பங்கைப் பணயம் வைத்திருக்கிறார் என்றே பொருள். அத்தான் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பேன். வாடகையைப் பற்றியது அதற்குப் பிறகு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். முதல் வழியில், கடனின் முதலில் அக்காவின் பகுதியையும் நீங்களே சில ஆண்டுகள் கட்டிவந்தால் வீட்டில் உங்கள் பங்கு கூடிவிடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படும் உறுதி இல்லாமல் காணியுரிமை கைமாறாது. நீங்கள் அவருக்காகக் கட்டியது அவர் உங்களுக்குத் தரவேண்டிய கடன், அவ்வளவுதான். எழுத்தில் இல்லாத கடனை அறவிட 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்று காலவதிக் கட்டளைச்சட்டம் சொல்வதால், சகோதரங்களுக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிடாமல், ஆண்டுதோறும் ஒரு பக்கக் கணக்கு எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைப்பது நல்லது. அந்தக் காகிதம் அக்காவுக்கும் பயன்படும். அவருடைய பங்கு வாடகை அவருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதற்குச் சான்று இருக்கும்வரை, நீண்டகால ஆட்சியைக் காட்டி முழு வீடும் எங்களுடையது என்று பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகள் யாரும் அவருடைய பிள்ளைகளிடம் சொல்ல முடியாது.

வருமான வரிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வாடகையை முதலீட்டு வருமானமாகக் கொள்கிறது. கூட்டாக உரித்துள்ள முதலீட்டின் வருமானத்தையும் கழிவுகளையும் உரிமையாளர்களின் பங்குவீதப்படி பகிரச் சொல்கிறது. நீங்களும் அக்காவும் சேர்ந்து ஒரு வரி செலுத்துநர் ஆகமாட்டீர்கள். இருவரும் தனித்தனியே தத்தமது விபரத்திரட்டில் காட்டவேண்டும். வாடகையாக நீங்கள் காட்டவேண்டியது 648,000, அக்கா காட்டவேண்டியது 432,000. பணம் உங்கள் கணக்குக்கு வந்தது என்பதற்காக 1,080,000 முழுவதையும் நீங்கள் காட்டவேண்டியதில்லை. அக்காவுக்கு வரி வராது என்பதற்காக முழுவதையும் அவர் பெயரில் காட்டவும் முடியாது.

வட்டியைப் பொறுத்தவரை, கடன் பணம் வருமானம் தரும் ஆதனத்தைப் பெறப் பயன்பட்ட அளவுக்கே அது கழிவாகும். ஆகவே வீட்டுக் கணக்கில் எந்த வழியை உண்மை என்று கண்டீர்களோ, அதே வழிதான் இங்கேயும். முதல் வழியில் உங்களுக்கு 282,600 ரூபா வட்டிக் கழிவு, அக்காவுக்கு 188,400. கழித்தபின் உங்கள் வாடகை வருமானம் 365,400, அவருடையது 243,600. இரண்டாவது வழியில் 471,000 முழுவதும் உங்களுடையது. உங்களுக்கு 177,000, அவருக்கு 432,000. கடனின் முதலாகத் திருப்பிய 159,000 எந்த வழியிலும் எவருக்கும் கழிவாகாது. தவணை முழுவதையும் வாடகையிலிருந்து கழித்துக் காட்டுவதே நான் அதிகம் காணும் பிழை.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சபலம் வரும் இடமும் இதுதான். 2025/2026 வரிமதிப்பாண்டில் தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபா. அக்காவின் மொத்த ஆண்டு வருமானம் இதற்குக் கீழேயே இருந்தால், அவருக்கு வட்டிக் கழிவால் பயன் ஒன்றுமில்லை. உங்கள் சம்பளம் 18 வீதப் படியில் நின்றால், அவருடைய 188,400 ரூபா வட்டியையும் நீங்களே கழித்துக்கொள்வது 33,912 ரூபா வரியை மிச்சப்படுத்தும். கடன் உங்கள் பெயரில் இருப்பதால் வங்கிக் கடிதமும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். ஆனால் அந்த வட்டியை அக்காவின் வாடகைப் பங்கிலிருந்து நீங்கள் கழித்திருக்கிறீர்கள் என்றால், அதைச் சுமந்தவர் அவர். நீங்கள் சுமக்காத செலவை நீங்கள் கழிக்க முடியாது. ஒரே வட்டியை வீட்டுக் கணக்கில் இருவரது என்றும் வரிக் கணக்கில் ஒருவரது என்றும் எழுதினால், விசாரணை வரும் நாளில் உங்கள் கணக்குத் தாளே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

வீட்டுக் கணக்கும் வரிக் கணக்கும் நியாயமாகவே வேறுபடும் ஓர் இடமும் உண்டு. வாடகை வருமானத்தின் 25 வீதத்தைத் திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்கான நிவாரணமாகச் சட்டம் தருகிறது. அதை எடுத்துக்கொள்பவர் அந்த வகைகளில் உண்மையாகச் செய்த செலவைக் கழிக்கக்கூடாது. இருவரும் தத்தமது பங்குக்கு அந்த நிவாரணத்தைக் கோரலாம். அப்போது பம்புக்குக் கொடுத்த 42,000 ரூபா வரி விபரத்திரட்டில் எங்கும் தோன்றாது. ஆனால் உங்களுக்கும் அக்காவுக்கும் இடையிலான கணக்கில் அது தோன்றியே ஆகவேண்டும்.

வாடகைக்கு இருப்பது குடும்பமா நிறுவனமா என்று நீங்கள் சொல்லவில்லை. நிறுவனம் ஒன்று மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வாடகை கொடுத்தால் 10 வீதத்தை வரியாகப் பிடித்துவைத்துக்கொண்டே மிகுதியைத் தரும். பிடித்ததற்கான சான்றிதழ் உங்கள் பெயரில் மட்டும் வந்தால், அக்கா தன் 2/5 பகுதிக்கான வரவைக் கோரும்போது சிரமப்படுவார். வாடகை ஒப்பந்தத்தில் இருவரையும் சொந்தக்காரராக எழுதி, பங்குகளையும் இருவரது வரி செலுத்துநர் அடையாள இலக்கங்களையும் குறிப்பிட்டு, பணத்தை இரண்டு கணக்குகளுக்குப் பிரித்துப் போடச் சொல்வது இதற்கும் நல்லது, உங்கள் வாய்த்தர்க்கத்துக்கும் நல்லது.

வங்கியிடம் கடிதம் கேட்கும்போது ஏப்பிரல் 1 முதல் மார்ச் 31 வரை கட்டிய வட்டியையும் முதலையும் தனித்தனியே காட்டும்படி கேளுங்கள். சனவரி முதல் திசெம்பர் வரையான கூற்று வரிமதிப்பாண்டோடு பொருந்தாது. தவணை பிந்தியதற்கான தண்ட வட்டி இருந்தால் அதையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடகை உங்கள் கையில் இருந்தும் நீங்கள் தவணையைப் பிந்திக் கட்டியிருந்தால், அந்தத் தண்டத்தை அக்காவோடு பங்கிடுவது முறையல்ல. மாறாக, வாடகைக்கு ஆள் இல்லாமல் வீடு சில மாதம் பூட்டிக் கிடந்தால், முதல் வழியில் அந்த மாதங்களின் வட்டியையும் அவர் 2/5 சுமக்கவேண்டும். நட்டம் வரும்போது மட்டும் கடன் தம்பியுடையது என்று சொல்ல முடியாது.

வாடகைக்கு வந்தவர் கொடுத்த முற்பணத்தையும் கவனியுங்கள். வீட்டைவிட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்கவேண்டிய முற்பணம் வாடகை அல்ல, இருவரும் அதே வீதத்தில் பொறுப்பான ஒரு கடன். ஆறு மாத முற்பணமாக 540,000 ரூபா உங்கள் கணக்குக்கு வந்திருந்தால், அதில் 216,000 ரூபாவை இப்போதே அக்காவிடம் கொடுத்து, திருப்பும் நாளில் அவரிடமிருந்து வாங்கலாம். அல்லது முழுவதையும் தனி வைப்பாகப் போட்டு, வரும் வட்டியை 3/5, 2/5 என்று பிரித்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் ஆண்டுக் கணக்குத் தாளின் அடியில் அந்தத் தொகை யாரிடம் நிற்கிறது என்று ஒரு வரி எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.